சூரன், நேர்த்தி, வினை

1829ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் ஒரு பகுதிச் சந்திர கிரகணம். அது எப்போது பிடிக்கும் என்பதில் இரண்டு கணிப்புகள் இருந்தன. ஒன்று, அராலி விசுவநாத சாஸ்திரியார் தம் பஞ்சாங்கத்தில் எழுதியது. மற்றது, பக்கத்து ஊரான வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய செமினரியின் அதிபர் டானியல் பூவர் சொன்னது. கிரகணம் பிடிக்கும் நேரத்தில் ஏறத்தாழக் கால் மணி வித்தியாசம். எவ்வளவு நேரம் நீடிக்கும், நிலவில் எவ்வளவு பங்கு மறையும் என்பவற்றிலும் இரண்டும் ஒத்துப்போகவில்லை. பூவர் இதை முன்கூட்டியே ஊரறியச் சொல்லிவைத்தார். கிரகணம் அவர் சொன்னபடி பிடித்தது.

மிஷன் வரலாறுகளில் இந்த இரவு ஒரு வெற்றியாகப் பேசப்படுகிறது. பூவர் நிறுவ விரும்பியது சாஸ்திரியார் கணக்கில் பிழை விட்டார் என்பதை மட்டுமல்ல. பஞ்சாங்கம் பிழைத்தால் பஞ்சாங்கம் நம்பியிருக்கும் சாஸ்திரம் பிழை, சாஸ்திரம் பிழைத்தால் புராணம் பிழை, புராணம் பிழைத்தால் அதை ஓதுகிற கோயிலும் பிழை என்ற வரிசை அவர் மனத்தில் இருந்தது. ஒரு மதத்தின் கூற்றை வானத்தின் முன் நிறுத்தி, பொய்த்தால் கைவிடு என்று கேட்ட முதல் வெளிப்படையான சோதனை எங்கள் மண்ணில் இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் எதிர்பார்த்தது நடக்கவில்லை. ஐரோப்பியக் கணிதம் திறமானது என்பதை மக்கள் ஒப்புக்கொண்டார்கள். கோயிலுக்கும் போனார்கள்.

ஏன் என்று பார்க்க, சாஸ்திரியாரின் பிழை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். தமிழ்ப் பஞ்சாங்க மரபில் சந்திரனின் இருப்பிடம் 248 வாக்கியங்களாக மனனத்தில் இருக்கும். வாக்கியத்தின் ஒவ்வொரு எழுத்தும் ஓர் எண். சந்திரன் பூமிக்கு மிகக் கிட்ட வந்து, மறுபடி அதே கிட்டத்துக்கு வர இருபத்தேழரை நாளுக்குச் சற்று மேலாகிறது. அப்படி ஒன்பது சுற்று கிட்டத்தட்ட 248 நாள். அந்தக் ‘கிட்டத்தட்ட’வைச் சரிக்கட்ட 3031 நாள், 12372 நாள் என்று இன்னும் நீண்ட சுற்றுகளையும் வைத்திருந்தார்கள். இருந்தும் நூற்றாண்டுகள் போகப்போகச் சின்னப் பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேரும். ஜோன் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் 1825ஆம் ஆண்டுக் கிரகணமொன்றைச் சோழிகளை நிலத்தில் பரப்பி, நினைவிலிருந்த அட்டவணைகளை மட்டும் கொண்டு கணித்ததைப் பதிவுசெய்திருக்கிறார். தொடக்க நேரத்தில் பிழை நாலு நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். சாஸ்திரியாரின் கால் மணிப் பிழையும் இந்த வகையைச் சேர்ந்தது. பழைய எண்களைப் புதிய அவதானத்தால் திருத்தாமல் விட்டதன் விளைவு. கடவுளைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை.

பூவரின் வரிசையில் முதல் கண்ணியே இப்படி அறுந்துபோகிறது. வாக்கியக் கணிதக்காரனுக்கு ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அவற்றுக்கு நாள்வாரியான நகர்வு உண்டு. கிரகணம் நிழல் என்பது சித்தாந்த கணித நூல்களில் பூவர் கப்பலேறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே எழுதப்பட்டிருந்தது. பாம்பு விழுங்கும் கதையைப் புராணம் சொல்லிக்கொண்டிருக்க, அதே பெயர்களை வைத்துக் கணிதர்கள் புள்ளிகளைக் கணித்தார்கள். ஒரே ஊரில், ஒரே குடும்பத்தில், சில வேளை ஒரே ஆளிடம் இரண்டும் இருந்தன. இன்றும் யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கம் வெளிவருகிறது. சித்திரை வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு, மருத்துநீர் எப்போது வைக்கலாம் என்று பத்திரிகைகள் இரண்டு நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போடுகின்றன. கிரகணத்தில் யார் சரி என்பதை நிலா தீர்த்துவைக்கும். புண்ணியகாலத்தில் யார் சரி என்பதைத் தீர்க்க அப்படி ஒன்றும் வானத்தில் இல்லை.

வட்டுக்கோட்டைச் செமினரியில் கணிதம் கற்பித்தவர் கரோல் விசுவநாதபிள்ளை. 1855இல் தமிழில் ‘வீசகணிதம்’ எழுதியவர். கிறிஸ்தவராக நின்று ஆறுமுக நாவலரை எதிர்த்துச் சைவத்தைக் கண்டித்தவர், பிறகு சைவத்துக்கே திரும்பினார். கிரகணம் எப்படிப் பிடிக்கிறதென்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தபடியேதான் திரும்பினார். பூவரின் சோதனை நேர்மையானது, அவர் கணக்கும் சரியானது; அது கழுத்தை நீட்டிச் சொல்லப்பட்ட கூற்றை மட்டும் வெட்டியது. கழுத்தையே நீட்டாத கூற்றுகளுக்கு அவரிடம் ஆயுதம் இல்லை.

அந்த ஆயுதம் வர நூற்றிருபது வருடம் எடுத்தது. 1950இல் ஒக்ஸ்போர்டில் இளம் மெய்யியலாளர் அந்தோனி ஃபுளூ ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். ஜோன் விஸ்டம் 1944இல் சொன்ன ஓர் உவமைக் கதையை எடுத்துத் தன் தேவைக்கு மாற்றினார். இரண்டு பேர் காட்டுக்குள் ஒரு வெளியைக் காண்கிறார்கள். பூச்செடியும் உண்டு, களையும் உண்டு. யாரோ தோட்டக்காரன் பார்க்கிறான் என்கிறான் ஒருவன். இல்லை என்கிறான் மற்றவன். காவலிருக்கிறார்கள், ஒருவரும் வரவில்லை. தோட்டக்காரன் கண்ணுக்குத் தெரியாதவன் என்கிறான் முதலாமவன். மின்வேலி போடுகிறார்கள், மோப்ப நாய் கொண்டுவருகிறார்கள்; வேலி அசையவில்லை, நாய் குரைக்கவில்லை. மின்சாரம் தாக்காதவன், மணம் இல்லாதவன் என்கிறான். இப்படி ஒவ்வொன்றாய்க் கழித்துக்கொண்டு போனால், கடைசியில் மிஞ்சும் தோட்டக்காரனுக்கும் தோட்டக்காரன் இல்லாததற்கும் என்ன வேறுபாடு?

ஃபுளூ கேட்டது, ‘கடவுள் இருக்கிறாரா’ என்பதல்ல. உங்கள் கூற்று பொய்யென்று நீங்கள் ஒப்புக்கொள்வதற்கு உலகில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று கேட்டார். எது நடந்தாலும் கூற்று நிற்குமென்றால், அது உலகைப் பற்றி எதையும் சொல்லவில்லை. கூற்று ஒரேயடியாகச் சாவதில்லை, விலக்குக்குமேல் விலக்குச் சேர்த்துச் சிறுகச் சிறுகச் சாகிறது என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அவர் கொடுத்த உதாரணமும் தோட்டமல்ல: தொண்டைப் புற்றுநோயில் சாகும் ஒரு பிள்ளை. பூமியிலுள்ள தகப்பன் துடிக்கிறான். பரலோகத் தகப்பனிடமிருந்து அசைவில்லை. அவருடைய அன்பு மனித அன்பு போன்றதல்ல என்று உடனே ஒரு விலக்கு வருகிறது.

இந்தக் கத்தியை நான் மதிக்கிறேன். அதை யாழ்ப்பாணத்துச் சைவத்தின்மேல் வைத்துப் பார்க்கும்போது, அது எங்கே வெட்டுகிறது, எங்கே வழுக்கிப்போகிறது என்பதுதான் என் அக்கறை.

வழுக்கிப்போகும் இடத்திலிருந்து தொடங்கலாம். ஐப்பசியில் கந்தசஷ்டி. எங்கள் கோயில்களில் அதற்கு முன்னரே புராணபடனம் நடக்கும். ஒருவர் கந்தபுராணத்தை ராகமாய் வாசிக்க, மற்றவர் பயன் சொல்லுவார். பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாண வாழ்வையே கந்தபுராண கலாசாரம் என்று அழைத்தது இந்தப் பழக்கத்தை வைத்துத்தான். ஆறாம் நாள் சூரன்போர். பெருத்த மரச் சூரனை இளந்தாரிகள் தோளில் வைத்து வீதி நீளத்துக்கு ஓட்டுவார்கள், ஆட்டுவார்கள். முதலில் யானைமுகத் தாரகன், பிறகு சிங்கமுகன், கடைசியில் சூரன். தலைகள் மாறிக்கொண்டே வரும். சூரன் மாமரமாவான், வேல் அதைப் பிளக்கும், சேவலும் மயிலும் வெளிவரும்.

இதில் வரலாறு எவ்வளவு என்று பூவர் கேட்டிருப்பார். சூரனின் வீரமகேந்திரபுரி இலங்கைக்கும் தெற்கே கடலில் இருப்பதாகப் புராணம் சொல்லுகிறது. கடற்படத்தில் அங்கே தண்ணீர்தான். கிரகணத்தைப்போல இதுவும் பொய்த்த கூற்று என்று ஒருவர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பயன் சொல்லுபவரும் அதைப் பற்றி வாதாட மாட்டார். தாரகன் மாயை, சிங்கமுகன் கன்மம், சூரன் ஆணவம் என்று அவர் தொடருவார்.

இந்த வாசிப்பைத்தான் மேற்கிலும் ஃபுளூவுக்குப் பதிலாகப் பலர் முன்வைத்தார்கள். அறிவியல் மெய்யியலில் பெயர்பெற்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பிரேத்வெயிட் 1955இல் ஒரு விரிவுரையில் சொன்னது சுருக்கமாக இதுதான்: மதக் கூற்றுகள் உலகைப் பற்றிய தகவல் அல்ல, இன்ன விதமாய் வாழ்வேன் என்ற தீர்மானத்தின் வெளிப்பாடு. கதைகள் அந்தத் தீர்மானத்துக்குத் துணை. கதை நடந்தது என்று நம்ப வேண்டியதில்லை, மனத்தில் வைத்திருந்தால் போதும். அப்படியானால் பொய்ப்பிக்க ஒன்றுமில்லை, ஃபுளூவின் கேள்வி வேறு வாசலைத் தட்டுகிறது.

பிரேத்வெயிட்டின் பதில் நேர்த்தியானது, ஆனால் சூரன்போருக்குப் போதாது. அவர் கணக்கில் இரண்டு மதத்தார் ஒரே விதமாய் வாழத் தீர்மானித்தால், அவர்களுக்குள் வேறுபாடு கதையில் மட்டும்தான். யாழ்ப்பாணத்தில் சைவரும் மெதடிஸ்தரும் ஒரே தெருவில் ஒரே ஒழுக்கத்தோடு வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் சூரன்போரின் முடிவு சும்மா ஓர் அலங்காரமாக மாற்றிவிடக்கூடியதல்ல. சூரன் சாவதில்லை. பிளந்து, மயிலும் சேவலுமாகி, வாகனமும் கொடியுமாகிறான். சைவசித்தாந்தத்தில் ஆணவமலம் தொடக்கமில்லாதது, அழிவுமில்லாதது. முத்தியில் அதன் சக்திதான் அடங்குகிறது. போரின் வரிசையும் அப்படியே: மாயையும் கன்மமும் முதலில் விழ, மூலமலம் கடைசியில் நிற்கிறது. அதுமட்டுமா? முருகனின் பேருருவைக் கண்ட சூரன் ஒரு கணம் பகை மறந்து வியக்கிறான், வணங்கவும் நினைக்கிறான். அந்தக் காட்சி மறைந்ததும் பழைய பகை திரும்பி வருகிறது. உண்மையைக் கண்டுவிட்டால் ஆணவம் தீர்ந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்குக் கதை இங்கே இல்லை என்கிறது.

ஆகவே இந்தக் குறியீடு எதையோ விலக்குகிறது. “நான் என் ஆணவத்தை அடியோடு அழித்துவிட்டேன்” என்று ஒருவர் சொன்னால், சூரன்போர் அவருக்கு எதிராக நிற்கும். சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம் உடலோடிருக்கும் ஞானியையும் அடியார் கூட்டத்தோடு சேர்ந்து கோயிலை வணங்கச் சொல்வதும் இதே கருத்தில்தான். மயிலுக்குப் பதில் கருகிய கட்டை ஒன்று மிஞ்சியது என்று கதையை மாற்றிப்பாருங்கள். வேறொரு சமயமே வந்துவிடும். குறியீடாக வாசிப்பது என்றால் எப்படியும் வாசிக்கலாம் என்று பொருளல்ல. மனித மனத்தைப் பற்றி அது ஒன்று சொல்லுகிறது. சரியாக இருக்கலாம், பிழையாக இருக்கலாம். என் அனுபவத்தில் சரியாக இருக்கிறது. அடக்கத்தைக் கற்றுத் தேர்ந்த பெரியவர்களிடம் அந்த அடக்கமே கொஞ்சம் தலைநிமிர்ந்து நிற்பதை யார்தான் பார்க்கவில்லை?

குறியீட்டு வாசிப்பு ஏமாற்றாகிற இடமும் உண்டு. சூரன் ஆயிரத்தெட்டு அண்டத்தை நூற்றெட்டு யுகம் ஆண்டான் என்று புராணம் சொல்லுகிறது. இந்த எண்களுக்கும் பயன் சொல்லத் துணிகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயனை எடுத்துவிட்டாலும் எதுவும் குறையாது, எண்ணை இரட்டித்தாலும் எதுவும் மாறாது. எந்த விவரத்தை மாற்றினால் கருத்து மாறுகிறதோ அந்த விவரம் மட்டுமே குறியீடாக வேலை செய்கிறது. மாமரம் செய்கிறது. நூற்றெட்டு யுகம் செய்யவில்லை. படனத்தில் உட்கார்ந்திருக்கும்போது இந்த ஒரு சோதனை எனக்கு உதவியிருக்கிறது; ஃபுளூவிடம் கற்றதைப் பயன் சொல்லுபவரின் முன்னால் பயன்படுத்துவதில் எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் கோயில் என்பது சூரன்போர் மட்டுமல்ல. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் விடிய முன் வெளிவீதிக்குப் போனால் தெரியும். மணலில் ஆண்கள் பிரதட்டை செய்வார்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் அடியழித்துப் போவார்கள். கற்பூரச்சட்டி, காவடி, தூக்குக்காவடி. இவற்றில் பெரும்பாலானவை நேர்த்தி. நேர்த்தி என்பது நிபந்தனையோடு சொல்லப்பட்ட வாக்கு: இது நடந்தால் இதைச் செய்வேன். மகன் சுகப்பட்டால், மகள் விசா கிடைத்துப் போனால், பிடித்துக்கொண்டு போனவன் திரும்பி வந்தால். இது குறியீடு என்று எந்தத் தாயிடமும் சொல்லிப்பாருங்கள். அவளுக்கு வேண்டியது மகன். மகனைப் பற்றிய மனநிலை அல்ல, வாழும் முறை பற்றிய தீர்மானமும் அல்ல. பிரேத்வெயிட்டின் கண்ணாடி இங்கே எதையுமே காட்டாது. மதம் முழுவதும் குறியீடு என்று சொல்லுகிற படித்தவர்களோடு எனக்குள்ள மனத்தாங்கல் இதுதான்: அவர்கள் அடியழிக்கிறவளின் வாக்கை அவளிடம் கேளாமலே வேறொன்றாக மாற்றிவிடுகிறார்கள்.

நேர்த்தி உண்மையில் கழுத்தை நீட்டுகிற பேச்சு. திரும்பி வந்தான், அல்லது வரவில்லை. அதனால் ஃபுளூவின் கேள்வி நேராகவே இங்கே விழுகிறது: வராவிட்டால் என்ன?

2017 பெப்ரவரி 20 முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். பெரும்பாலும் தாய்மார். வருடங்கள் போயின, பலர் பிள்ளையைக் காணாமலே இறந்துபோனார்கள். போராட்டத்தின் ஊடே தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் கொளுத்தினார்கள். அந்தத் தாய்மாருக்கு எதிரான சாட்சி தெரியாது என்றோ, எது நடந்தாலும் சரி என்ற மனத்தோடு அவர்கள் கும்பிட்டார்கள் என்றோ நினைக்க முடியுமா? “முருகா, உனக்குக் கண் இல்லையே?” என்று சந்நிதியில் நின்று கேட்கும் குரலை வடக்கில் கேளாதவர்கள் யார்? எங்கள் பக்தி இலக்கியத்துக்கும் அந்தக் குரல் புதிதல்ல. கண்ணை இழந்த சுந்தரர் சிவனோடு வாதாடி, ஏசி, காஞ்சியில் ஒரு கண்ணையும் திருவாரூரில் மறு கண்ணையும் பெற்றதாகப் பெரியபுராணம் சொல்லுகிறது. ஏசுகிறவர் எதிரான சாட்சியைக் கணக்கில் எடுத்துக்கொண்டவர். எடுத்துக்கொண்டபடியால்தான் ஏசுகிறார்.

ஃபுளூவோடு அதே விவாதத்தில் பங்கெடுத்த பேசில் மிட்சல் இதை ஓரளவு கண்டுகொண்டார். அவர் கதை ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு நாட்டில் நடக்கிறது. எதிர்ப்பு இயக்கத்து ஒருவன் ஓரிரவு அந்நியன் ஒருவனைச் சந்திக்கிறான். அந்நியன் தானும் உங்கள் பக்கம்தான், என்ன நடந்தாலும் என்னை நம்பு என்கிறான். இவன் நம்பிவிடுகிறான். பிறகு அந்த அந்நியன் சிலவேளை உதவுகிறான், சிலவேளை எதிரியின் சீருடையில் நின்று இவன் தோழர்களைப் பிடித்துக் கொடுக்கிறான். நம்புகிறவனுக்கு அது வலிக்கிறது. எதிரான சாட்சி எதிரான சாட்சிதான், ஆனால் இன்னும் முடிவானதல்ல என்கிறான். இந்தக் கதையை ஒக்ஸ்போர்டில் கேட்டவர்களுக்கு அது ஓர் உவமை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்கு, சீருடைக்குள் யார் யாருடைய ஆள் என்று தெரியாத இரவுகள் உவமையல்ல. அதனாலேயே மிட்சலின் கதையில் உள்ள குறையும் எங்களுக்கு உடனே தெரியும்: எவ்வளவு பேரைப் பிடித்துக் கொடுத்தபின் அந்த நம்பிக்கை மடத்தனமாகிறது? மிட்சல் எல்லை சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றுதான் அவரும் நினைத்தார். அந்த எல்லை ஒவ்வொரு தாய்க்கும் வேறு. கோயிலுக்குப் போவதை நிறுத்திய தாய்மாரும் இருக்கிறார்கள், அவர்களும் அதே சாட்சியைத்தான் பார்த்தார்கள். இரண்டு பேரையும் நான் நம்புகிறேன்.

சூரனில் கத்தி வழுக்கியது, தாயின் ஏச்சில் அது பிந்திப்போனது. அது சரியாக விழுகிற இடம் தாய்க்குப் பக்கத்தில் நிற்கிறவரின் வாயில் இருக்கிறது. “எல்லாம் அவையின்ர வினை.”

வினைக் கோட்பாடு எப்படி இயங்குகிறதென்று பாருங்கள். சேர்த்துவைத்த வினை சஞ்சிதம், இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம், இனி ஈட்டுவது ஆகாமியம். பிள்ளை வந்தால் அருள். வராவிட்டால் பிராரத்தம். நல்லவனுக்குக் கெடுதி வந்தால் முற்பிறவி. கெட்டவன் வாழ்ந்தால் முற்பிறவிப் புண்ணியம், இனி வரும் பிறவியில் அனுபவிப்பான். முற்பிறவியை யாரும் திறந்து பார்க்க முடியாது. எந்த நிகழ்ச்சியையும் கொடுங்கள், விளக்கம் முன்கூட்டியே தயார். காட்டுவெளித் தோட்டக்காரனுக்குக் கண்ணுக்குத் தெரியாமை எப்படியோ, இதற்குப் பிறவிகள் அப்படி. ஃபுளூ ஒருமுறை யாழ்ப்பாணம் வந்திருந்தால், தன் உதாரணத்தை மாற்றியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வினைக் கோட்பாட்டைக் குறியீடாக வாசித்துக் காப்பாற்றலாமா? ஒரு விதத்தில் முடியும். “என் செயலுக்கு நான் பொறுப்பு, வந்ததைப் பிறர்மேல் போடமாட்டேன்” என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்போது, அங்கே பிரேத்வெயிட் சொன்ன தீர்மானம் இருக்கிறது. முற்பிறவி பற்றிய தகவல் இல்லாமலே அது நிற்கும். சித்தாந்த நூல்களும் வினையை உயிர் தன் நிலையை அறிந்து தேறுவதற்காகவே விரிக்கின்றன. அதே வசனம் படர்க்கைக்கு மாறியதும், தீர்மானம் போய்விடுகிறது. இன்னொருத்தியின் பிள்ளையைப் பற்றித் தீர்மானிக்க எனக்கு என்ன இருக்கிறது? மிஞ்சுவது ஒரு தகவல் கூற்று மட்டுமே: அந்தப் பிள்ளைக்கு நேர்ந்தது அவனுக்கு உரியதாக இருந்தது. அதை எதுவும் பொய்ப்பிக்காது, எதுவும் நிறுவாது. ஒரே வாக்கியம், தன்மையில் குறியீடு, படர்க்கையில் வெறும் கூற்று. மேற்கத்தியர் விவாதத்தில் இந்த வேறுபாட்டுக்குப் போதிய இடம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை. அவர்கள் வாக்கியத்தையே பார்த்தார்கள், அதை யார் யாருக்குச் சொல்லுகிறார் என்பதைக் குறைவாகவே பார்த்தார்கள்.

நல்லூர்த் தேரடியில் திரிந்த செல்லப்பா சுவாமியிடமிருந்து யோகர் சுவாமி பெற்றதாக வழங்கும் வாசகங்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. “ஒரு பொல்லாப்புமில்லை” என்பது ஒன்று. யாழ்ப்பாணத்து வீடுகளில் சுவரில் எழுதி மாட்டியிருப்பார்கள். உலகைப் பற்றிய கூற்றாக எடுத்தால் இதைவிடப் பொய்யான வாக்கியம் எங்கள் மண்ணில் இல்லை. ஹெயர் என்ற ஒக்ஸ்போர்டு மெய்யியலாளர் ஃபுளூவுக்குப் பதிலளித்தபோது, சில நம்பிக்கைகள் கூற்றுகள் அல்ல, உலகைப் பார்க்கும் அடிப்படை நோக்குகள் என்றார். எந்தச் சாட்சியும் அவற்றை அசைக்காது; ஏனென்றால் எது சாட்சி என்பதையே அவைதான் தீர்மானிக்கின்றன. ஆனால் அவர் கொடுத்த உதாரணம் எல்லாப் பேராசிரியர்களும் தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்பும் ஒரு பைத்தியக்காரன். அப்படியானால் சரியான நோக்குக்கும் பைத்தியத்துக்கும் வேறுபாட்டை எங்கே தேடுவது? ஹெயரிடம் இதற்குத் தெளிவான விடை இல்லை. கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்த யோகரிடம் ஓரளவு விடை இருந்தது என்பது என் எண்ணம். அந்த வாசகம் தனியே வருவதில்லை. “நாம் அறியோம்” என்பதும் அதன் பக்கத்திலேயே நிற்கிறது. பொல்லாப்பு இல்லை என்று சொல்லுகிறவர், அது எப்படி என்று தமக்குத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுகிறார். விளக்கம் கொடுக்க மறுக்கிறார். வினை என்று சொல்லுகிறவர் மறுப்பதில்லை. அவரிடம் விளக்கம் எப்போதும் தயாராக இருக்கிறது. தன் சாவின் முன்னால், தன் நோயின் முன்னால் ஒருவர் முதலாவது வாசகத்தைச் சொல்லிக்கொண்டால் நான் தலைவணங்குவேன். காணாமல்போனவனின் தாயிடம் போய் அதையே சொன்னால், பக்கத்தில் நிற்கவேண்டிய மற்ற வாசகத்தை அவர் விட்டுவிட்டார் என்று சொல்லுவேன்.

வினை என்ற விளக்கத்துக்கு இன்னொரு விலையும் உண்டு, அது மெய்யியலுக்கு வெளியே இருக்கிறது. போராட்டப் பந்தலில் இருந்த தாய்மார் இரண்டு பேரிடம் கேட்டார்கள். முருகனிடம் கேட்டது ஒன்று. அதற்கு எப்படிப்பட்ட விடை பொருந்தும் என்பதில் நானும் நீங்களும் ஃபுளூவும் வாழ்நாள் முழுக்க வாதாடலாம். அரசிடம் கேட்டது வேறு. 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தடியில் கண்முன்னே இராணுவத்திடம் கையளித்த பிள்ளைகள் எங்கே? எந்த வாகனத்தில் ஏற்றினீர்கள், எந்த முகாமுக்குக் கொண்டுபோனீர்கள், பெயரைப் பதிந்த புத்தகம் யாரிடம் இருக்கிறது? இந்தக் கேள்விகளில் ஒரு குறியீடும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உண்மையான விடை ஒன்று உண்டு, பொய்யான விடைகள் பல உண்டு, இரண்டையும் பிரித்தறிய வழியும் உண்டு: அதிகாரியின் வாக்குமூலம், ஆட்களின் பெயர்ப் பட்டியல், மண்ணுக்குள் இருப்பது. வினை என்று சொல்லுகிறவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு இரண்டாவது கேள்வியையும் சேர்த்து மூடிவிடுகிறார். முற்பிறவியில் காரணம் இருந்தால், முகாமில் காரணம் தேடுவானேன்? அந்தப் புத்தகத்தை வைத்திருக்கிறவர்களுக்கு இதைவிட வசதியான இறையியல் கிடைக்காது.